அடிவயிற்றில் ஓர் இழுப்பு

இங்கிலாந்தில் கரு தங்கியிருப்பது உறுதியானதும் ஒரு பெண்ணுக்கு முதலில் வாய்ப்பது காத்திருப்புதான். வீட்டுக் குளியலறையில் இரண்டு கோடுகளைப் பார்த்தவர், உள்ளூர் மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் பெயரைப் பதிவு செய்வார். மருத்துவச்சியோடு முதல் சந்திப்பு 10ஆவது வாரத்துக்குள் நடக்கும். முதல் ஸ்கேன் 11 முதல் 14 வாரத்துக்குள். கோவையிலோ மதுரையிலோ என்றால் நாள் தள்ளிப்போன பத்துப் பதினைந்து நாளிலேயே மகப்பேறு மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருக்கலாம், ஆறேழு வாரத்தில் ஸ்கேனும் எடுத்திருக்கலாம். இங்கே எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்றால் அதுவரை எந்த மருத்துவரும் வயிற்றைத் தொட்டுப் பார்க்கமாட்டார்.

அந்த இடைவெளியில்தான் வலி வருகிறது. மாதவிலக்கு வரப்போவதுபோல அடிவயிறு கனக்கிறது. இடுப்புக்குக் கீழே ஏதோ பிடித்து இழுப்பதுபோல் இருக்கிறது. ஊரிலிருந்து புதிதாக வந்த பெண்ணுக்கு அக்காவோ அத்தையோ பக்கத்தில் இல்லை. இது சாதாரணம்தானா, உடனே ஓட வேண்டியதா என்பதை அவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வேண்டிய அறிவு ஒன்றும் பெரிய ரகசியமில்லை.

லண்டனுக்கு மேற்கே ஒரு நகரத்தில் வசிக்கும் கோவைப் பெண் ஒருவருக்கு நடந்ததைப் பார்க்கலாம். மாதவிலக்கு வரவேண்டிய அன்றே அவருக்கு வழக்கமான வலி தொடங்கிவிட்டது. நாப்கினும் எடுத்து வைத்துவிட்டார். வரவேண்டியது வரவில்லை, வலி மட்டும் விட்டுவிட்டு இருந்தது. நான்காம் நாள் சோதித்தால் இரண்டு கோடு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவதுதான் மருத்துவக் கணக்கு என்பதால், அன்றைக்கே அவருக்கு நாலரை வாரம் ஆகியிருந்தது.

மாதவிலக்கு வலியும் இந்த வலியும் ஏன் ஒன்றுபோலவே இருக்கின்றன? இரண்டும் ஒரே உறுப்பிலிருந்து, ஒரே நரம்புகள் வழியாகவே வருகின்றன. கருப்பை தசையால் ஆனது. மாதவிலக்கின்போது அந்தத் தசை சுருங்குகிறது, வலிக்கிறது. கரு வந்து ஒட்டியபின் அதே தசைக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, அது தளர்ந்து பெருக்கத் தொடங்குகிறது, இடையிடையே லேசாகச் சுருங்கவும் செய்கிறது. மூடிய கையளவு இருந்த கருப்பை, 12 வாரம் முடியும்போது இடுப்பெலும்புக்கு மேலே எட்டிப் பார்க்கும் அளவுக்கு வளர்ந்துவிடும். அதைத் தாங்கி நிற்கும் நார்களும் சேர்ந்தே இழுபடும். படுக்கையில் சட்டென்று புரளும்போதும் தும்மும்போதும் தொடையிடுக்கில் சுருக்கென்று ஒன்று இழுத்துவிட்டுப் போவது இதனால்தான். நான்காவது, ஐந்தாவது மாதங்களில் இது இன்னும் நன்றாகத் தெரியும்.

குடலையும் மறந்துவிடக்கூடாது. கருவைக் காக்கும் புரோஜெஸ்டரோன் என்ற சுரப்பு, குடலின் அசைவையும் மெதுவாக்குகிறது. வாயு தங்குகிறது, மலம் இறுகுகிறது, வயிறு உப்பி அங்கங்கே பிடிக்கிறது. ஆரம்ப வாரங்களில் "கர்ப்பப்பை வலி" என்று பயந்துகொண்டிருக்கும் பல வலிகள் காலையில் வயிறு சுத்தமானதும் காணாமல் போய்விடுவது இதனால்தான்.

ஆக, பயப்பட வேண்டாத வலிக்கு ஒரு முகம் இருக்கிறது. மந்தமாக இருக்கும். நடுவில், அல்லது இரண்டு பக்கமும் மாறி மாறி வரும். வந்து போகும், நிலைத்து நிற்காது. ஒருக்களித்துப் படுத்தாலோ, கொஞ்சம் தண்ணீர் குடித்து உட்கார்ந்தாலோ, மலம் கழித்தாலோ குறையும். அந்தப் பெண்ணுக்கு வழக்கமாக வரும் மாதவிலக்கு வலியைவிடக் கூடுதலாக இராது. வேலை செய்யவிடும், தூங்கவிடும். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். மாதவிலக்கு வலிக்குப் பலரும் கைவசம் வைத்திருக்கும் இபுபுரோஃபன் வகை மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் எடுக்கக்கூடாது.

கோவைப் பெண்ணின் வலி ஒரு வாரம் இப்படித்தான் இருந்தது. ஐந்தரை வாரத்தை நெருங்கியபோது அது வலது பக்கமாகவே வரத் தொடங்கியது. அம்மாவிடம் போனில் சொன்னார். "கண்ணு, ரத்தம் ஏதாச்சும் படுதா?" என்பதுதான் அந்தத் தாயின் முதல் கேள்வி. "இல்லீங்கம்மா." "அப்பச் சூடாத்தான் இருக்கும், வெந்தயம் ஊறவெச்சுக் குடி." பாசத்தோடு சொன்னதுதான். ஆனால் இந்த இடத்தில் ரத்தம் இல்லை என்பதை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. ஒரே பக்கமாக நிலைத்துவிடும் வலியை, ரத்தம் படாவிட்டாலும், பார்த்தே ஆகவேண்டும்.

காரணம், கருக்குழாயில் தங்கிவிடும் கரு. பிரிட்டனில் ஏறக்குறைய 90 கருவில் ஒன்று இப்படிக் கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் குழாயில், ஒட்டிக்கொள்கிறது. முன்பு ஒருமுறை இப்படி நடந்தவர்கள், குழாயில் அறுவை செய்துகொண்டவர்கள், இடுப்புக்குழியில் தொற்று வந்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். இவை எதுவும் இல்லாதவர்களுக்கும் வருகிறது. குழாய் விரிந்துகொடுக்காது. அறிகுறிகள் பெரும்பாலும் 4ஆவது வாரத்துக்கும் 12ஆவது வாரத்துக்கும் இடையில் தலைகாட்டும். ஒரு பக்கம் வலி, பழுப்பாகவோ தண்ணீராகவோ கொஞ்சம் ரத்தம், மலம் அல்லது சிறுநீர் கழிக்கும்போது வேதனை என்று தொடங்கும். அதில் ஒரு விசித்திரமான அறிகுறி உண்டு: தோள்பட்டையின் நுனியில், கை தொடங்கும் இடத்தில் வலி. வயிற்றுக்குள் கசியும் ரத்தம் உதரவிதானத்தை உறுத்துகிறது. அந்தத் தசையின் உணர்வைக் கொண்டுபோகும் நரம்பும் தோளின் உணர்வும் கழுத்தில் ஒரே இடத்தில் தண்டுவடத்தில் சேர்வதால், மூளை அதைத் தோள்வலி என்று எடுத்துக்கொள்கிறது. கருத்தரித்த பெண்ணுக்கு அடிவயிற்று வலியோடு தோள்நுனியும் வலித்தால், தலையணை சரியில்லை என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்கக்கூடாது.

நம் பெண்ணுக்குத் தோள்வலி இல்லை, மயக்கம் இல்லை. காலையில் தன் குடும்ப மருத்துவரின் அலுவலகத்தை அழைத்தார். எத்தனை வாரம், வலி எந்தப் பக்கம், எப்போதிருந்து, கூடுகிறதா, ரத்தம் உண்டா, முன்பு கரு கலைந்ததுண்டா என்று கேட்டுக்கொண்டு, மருத்துவமனையின் ஆரம்பக் கர்ப்பப் பிரிவுக்கு அனுப்பினார்கள். இந்தப் பிரிவு இங்குள்ள பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் இருக்கிறது. 12 வாரத்து ஸ்கேன் வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நம் பெண்கள் பலருக்கு இப்படி ஒரு கதவு இருப்பதே தெரியாது.

ஸ்கேன் அறையில் வயிற்றின்மேல் வைத்துப் பார்ப்பதில்லை. இவ்வளவு சின்னக் கருவை அப்படிப் பார்ப்பது கடினம் என்பதால், பிறப்புறுப்பு வழியாக மெல்லிய கருவியைச் செலுத்திப் பார்ப்பார்கள். அதனால் கருவுக்கு ஒன்றும் ஆகாது. திரையில் கருப்பைக்குள் ஒரு கருவட்டம், அதனுள் சின்ன வளையமாகக் கருவுக்கு ஊட்டம் தரும் பை. கரு இன்னும் கண்ணுக்குப் படவில்லை, துடிப்பும் இல்லை. ஐந்தரை வாரத்தில் பார்க்கக் கிடைப்பது அவ்வளவுதான்; துடிப்பு ஆறு வாரத்தை ஒட்டித்தான் தெரியத் தொடங்கும். ஆனால் அந்தச் சின்ன வளையம் கருப்பைக்குள் இருப்பதே, கரு சரியான இடத்தில் இருக்கிறது என்பதற்குப் போதுமான சான்று.

அப்படியானால் வலது பக்க வலி? வலது சினைப்பையில் இரண்டு சென்டிமீட்டர் அளவில் ஒரு நீர்க்கட்டி தெரிந்தது. முட்டை வெடித்து வெளியேறிய இடத்தில் உருவாவது அது. நஞ்சுக்கொடி அந்த வேலையை எடுத்துக்கொள்ளும்வரை, கருவைத் தாங்கும் புரோஜெஸ்டரோனைச் சுரப்பதே இதுதான். அந்த மாதம் முட்டை வலது பக்கத்திலிருந்து வந்ததால் வலியும் வலது பக்கம். நோயில்லை, பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும். இத்தனை நாள் அவரைப் பயமுறுத்திய வலியின் ஊற்று, கருவைக் காத்துக்கொண்டிருந்த பொருள்தான். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அப்போது துடிப்பு தெரிந்தது.

ஒருவேளை அன்றைக்குத் திரையில் ஒன்றுமே தெரியாமல் போயிருந்தால்? அதுவும் நடப்பதுதான். நாள் கணக்கு முன்பின்னாக இருந்தாலே போதும். அப்போது கருச் சுரப்பை ரத்தத்தில் அளந்து, 48 மணி நேரம் கழித்து மறுபடி அளப்பார்கள். நன்றாக வளரும் கருவில் அது இரண்டு நாளில் 63 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கும். அதைவிட மந்தமாக ஏறினால் குழாய்க் கருவைத் தேடுவார்கள். பாதிக்குமேல் இறங்கினால் கரு நிலைக்கவில்லை என்று பொருள்படலாம். ஒரே ஒரு அளவை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. அந்த இரண்டு நாள் காத்திருப்பு கொடுமையானது, ஆனால் அவசியமானது.

ஊரில் இந்த வலிக்கு உடனே புரோஜெஸ்டரோன் மாத்திரையும், "அசையாம படு" என்ற உத்தரவும் கிடைப்பது வழக்கம். இங்கே வலிக்கு மட்டும் அதைக் கொடுப்பதில்லை. 4,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்து 2019-இல் வெளியான ஆய்வுக்குப் பிறகு, 2021-இலிருந்து இங்குள்ள வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது: இப்போது ரத்தம் படுகிறவராகவும், முன்பு கரு கலைந்தவராகவும் இருந்தால், கரு கருப்பைக்குள் இருப்பது ஸ்கேனில் உறுதியானபின், 400 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு வேளை உள்ளே வைக்கத் தருவார்கள். படுத்தே கிடப்பது கரு கலைவதைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. கலையும் கருக்களில் பெரும்பாலானவை குரோமோசோம் கோளாறால் கலைகின்றன. மாடிப்படி ஏறியதாலோ மளிகைப் பையைத் தூக்கியதாலோ அல்ல. தன்மேல் பழி போட்டுக்கொண்டு தவிக்கும் பெண்களுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

வலி லேசாக இருப்பதால் எல்லாம் நலம் என்று உறுதியாகச் சொல்லிவிடவும் முடியாது, வலியே இல்லாததால் ஆபத்து என்றும் இல்லை. திடீரென வலி நின்றுவிட்டது என்று கலங்குகிறவர்களும் உண்டு, அதற்கு அவசியமில்லை. கவனிக்க வேண்டியது வலியின் போக்கை. அலை அலையாகக் கூடிக்கொண்டே போய், சிவப்பு ரத்தமும் கட்டியும் சேர்ந்தால் அன்றைக்கே அழைக்க வேண்டும். சிறுநீர் எரிந்து, காய்ச்சலும் வந்தால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். கர்ப்பத்தில் அதற்கு உடனே மருந்து தேவை. ஒரே பக்கம் நிலைத்த வலியை, ரத்தம் இல்லாவிட்டாலும், மறுநாளுக்கு ஒத்திவைக்கக்கூடாது. இரவில், விடுமுறையில் என்றால் 111 என்ற எண் இருக்கிறது. தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். திடீரெனக் குத்திக் கிழிக்கும் வலி, தோள்நுனி வலி, தலைசுற்றி மயக்கம், ஒரு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைந்துபோகும் ரத்தம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் 111-ஐ விட்டுவிட்டு 999-ஐ அழைக்க வேண்டும். தானே கார் ஓட்டிக்கொண்டு கிளம்பக்கூடாது. அறுவை தேவைப்படலாம் என்பதால், ஆம்புலன்ஸ் வரும்வரை எதுவும் சாப்பிடாமல் இருப்பது நல்லது.