நூற்றுக்கு இருபதா, இருபத்தைந்தா?

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். வாங்கிய விலையின் மேல் லாபத்தைக் கணக்கிட்டால் 'தோ த மார்ழ்', விற்ற விலையின் மேல் கணக்கிட்டால் 'தோ த மார்க்' என்று பிரெஞ்சில் தனித்தனிப் பெயர் உண்டு. அப்போது மனப்பாடம் செய்த அந்த வித்தியாசம், அரசாங்க எழுத்தர் வேலையில் ஒரு நாளும் உதவவில்லை. ஓய்வு பெற்ற பின், தில்லை நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பொழுதுபோக்காக உட்கார்ந்த இரண்டு வருடங்களில்தான் உதவியது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பாத்திரக் கடை. பெயர் வேண்டாம். கணக்குப் புத்தகத்தைத் திறக்கும் முன்பே ஆடிட்டர் என்னிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "சார், இந்த வருஷம் விற்பனை எவ்வளவு இருக்கணும், மொத்த லாபம் நூற்றுக்கு எவ்வளவு இருக்கணும்னு முதல்ல நாமே எழுதிடுவோம். புத்தகத்தைப் பார்த்துட்டா நம்ம மனசு அந்த எண்ணுக்கே காரணம் தேட ஆரம்பிச்சிடும்" என்றார்.

முந்தைய ஆண்டு விற்பனை 1 கோடியே 20 லட்சம். புதுக் கிளை இல்லை, ஆட்களும் அவர்களே. பித்தளை வியாபாரிகளின் விலைப் பட்டியல்களைப் பார்த்தோம். சராசரி ஏற்றம் 5 சதவீதம். ஆக எதிர்பார்ப்பு 1 கோடியே 26 லட்சம். லாபத்துக்கு, இருபது சாமான்களின் கொள்முதல் விலையையும் கடையில் ஒட்டியிருந்த விலையையும் ஒப்பிட்டேன். 100 ரூபாய்க்கு வாங்கியதை 125-க்கு விற்கிறார்கள். உடனிருந்த பையன் "25 சதவீதம்" என்று எழுதிவிட்டான். என் பழைய பிரெஞ்சு வாத்தியார் காதைத் திருகுவது போல் இருந்தது. 125-இல் 25 என்றால் விற்பனையில் 20 சதவீதம்தானே! அதைத் திருத்தினேன். எவ்வளவு வித்தியாசம் வரை கேள்வி கேட்காமல் விடலாம் என்பதையும் ஆடிட்டர் அப்போதே எழுதிவிட்டார்: 2 லட்சம்.

புத்தகத்தில் விற்பனை 1 கோடியே 27 லட்சம். சரி. மொத்த லாபமோ 31 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், அதாவது 24.5 சதவீதம். பையனின் 25 அப்படியே நின்றிருந்தால் இது கண்ணில் பட்டே இருக்காது. 20 சதவீதப்படி 25.4 லட்சம்தான் வர வேண்டும், ஏறக்குறைய 5.7 லட்சம் அதிகம்.

முதலாளி சிரித்தபடி, "வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் சார், ரங்கநாதர் புண்ணியம்" என்றார். கூட்டம் வந்தால் விற்பனை கூடும், விற்ற சரக்கின் அடக்கமும் கூடவே கூடும். விகிதம் ஏன் ஏற வேண்டும்? அதிக லாபமுள்ள சின்னச் சாமான்கள் கூடுதலாகப் போயிருந்தால் ஏறலாம். அதற்காக மார்கழி பில்களையும் புரட்டினோம். வழக்கமான குடம், தவலை, விளக்குதான்.

லாப விகிதம் மட்டும் உயர்ந்தால் ஆண்டு முடிவு இருப்பையும் கொள்முதலையும் பார் என்பது ஆடிட்டரின் பாடம். மார்ச் 31 இருப்புப் பட்டியலில் நாச்சியார்கோவில் குத்துவிளக்குகள் இருந்தன. அவற்றின் பில்லை மார்ச் வரைக்கும் கொள்முதல் பேரேட்டில் காணோம். மூன்று பில்கள், 5.5 லட்சம், ஏப்ரல் 4-ஆம் தேதி பதிவாகியிருந்தன. சரக்கை இருப்பில் எண்ணிவிட்டு, செலவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிட்டார்கள். கணக்குப்பிள்ளை ஊருக்குப் போயிருந்தாராம். வங்கிக் கடனுக்கு மனு போட்டிருந்ததும் அதே மாதம்தான். எது காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. திருத்தியதும் விகிதம் 20.2 ஆனது.

அதோடு விடவில்லை. எல்லாத் திருத்தங்களும் ஏறிய பின், கையெழுத்துக்கு முன், ஆடிட்டர் மறுபடி விகிதங்களைப் போட்டார். "போன வருஷ 20 மட்டும் சரின்னு யார் சொன்னது?" என்று அதற்கு முந்தைய ஏப்ரல் பில்களையும் எடுக்கச் சொன்னார். அப்படி எதுவும் தள்ளப்படவில்லை என்று பார்த்த பிறகே பேனாவைத் திறந்தார்.

எனக்கு அப்போது அது அதிகப்படியாகத் தோன்றியது. சத்யம் கணக்கை நினைத்துப் பார்த்தபோது புரிந்தது. 2009 ஜனவரி 7-ஆம் தேதிக் கடிதத்தில் ராமலிங்க ராஜுவே ஒப்புக்கொண்டார்: 2008 செப்டம்பர் காலாண்டில் காட்டிய வருமானம் 2,700 கோடி, உண்மை 2,112 கோடி, காட்டிய இயக்க லாபம் 24 சதவீதம், உண்மை 3 சதவீதம். பொய் பல வருடமாக வளர்ந்தது என்பதால், காலாண்டுக்குக் காலாண்டு ஒப்பிட்டால் எல்லாம் அழகாகவே பொருந்தியிருக்கும். அங்கே உதவக்கூடியது வங்கியிடம் நேரடியாகக் கேட்டு வாங்கும் இருப்புக் கடிதம், விகிதம் அல்ல.

பாத்திரக் கடைக்காரர் அடுத்த ஆண்டு மார்ச் கடைசி வாரத்தில் தானே போன் செய்தார். "சார், லாரி வந்திருக்கு. பில்லை இன்னிக்கே எழுதிட்டேன்."