ஜி.எஸ்.எம். கட்டரும் கொறங்காடும்

திருப்பூர் பக்கத்துப் பசங்களுக்கு ஜி.எஸ்.எம். கட்டர்னா என்னன்னு விளக்க வேண்டியதில்லை. மத்தவங்களுக்காகச் சொல்றேன். ஒரு ரோல் பனியன் துணியோட எடையைத் தெரிஞ்சுக்க முழு ரோலையும் விரிக்க மாட்டாங்க. வட்டமான கட்டரைத் துணி மேல வெச்சு ஒரு திருகு திருகினா, சரியா 100 சதுர சென்டிமீட்டருக்கு ஒரு வில்லை வரும். அதைத் தராசுல வெச்சு, வர்ற கிராமை நூறால பெருக்கினா சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்னு கிடைச்சுடும். வில்லை 1.8 கிராம் இருந்தா துணி 180 ஜி.எஸ்.எம்.

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குச் செடி எண்ணப் போனப்போ, இதையேதான் மண்ணு மேல செய்யறோம்னு எனக்குத் தோணுச்சு. நான் சிவில் டிபார்ட்மென்ட். தலைப்பு: நொய்யல் கரையில ஒரு துண்டு நிலத்தையும் காங்கேயம் பக்கத்துல ஒரு கொறங்காட்டையும் தாவரப் பல்வகைமையில ஒப்பிடறது. கருவி ரொம்ப எளிமை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பி.வி.சி. பைப் சட்டம். குவாட்ராட்னு பேரு. அதைத் தரையில வெச்சு, உள்ளே இருக்கிற ஒவ்வொரு செடியையும் இனம் இனமா எண்ணணும். அடுத்த வருஷம் உங்கள்ல பல பேர் இந்த மாதிரி ப்ராஜெக்ட் எடுப்பீங்க. அதனால கடைசியில வர்ற அந்த ஒரு நம்பர் எதைச் சொல்லும், எதைச் சொல்லாதுன்னு எழுதி வெக்கிறேன்.

முதல்ல, சட்டத்தை எங்கே வெக்கிறதுன்னு பார்ப்போம். துணியில ஓரமாவே வெட்டினா சரியான எடை வராது. அகலத்துல அங்கங்கே வெட்டி எடுக்கணும். நிலமும் அப்படித்தான். நிறைய பேர் கண்ணை மூடிக்கிட்டுச் சட்டத்தைத் தோளுக்குப் பின்னால வீசுவாங்க. பார்க்க ரேண்டம் மாதிரி இருக்கும், ஆனா இல்லை. நீங்க நிக்கிற இடத்துல இருந்து ஒரு பத்தடிக்குள்ளதான் அது விழும். நீங்க நிக்கிறதோ சீமைக்கருவேல முள் இல்லாத இடமாப் பார்த்துத்தான்! அப்போ முள்ளுக்கு அடியில வளர்ற செடி எதுவும் உங்க கணக்குல வராது. இதுக்கு நிலத்தோட இரண்டு ஓரத்துல டேப் விரிச்சு, கால்குலேட்டர்ல ரேண்டம் எண் எடுத்து, "இந்தப் பக்கம் 14 மீட்டர், அந்தப் பக்கம் 31 மீட்டர்"னு வர்ற புள்ளியிலேயே வெக்கணும். அங்கே முள் இருந்தா முள்ளுக்குள்ளேயே வெக்கணும். ஒருத்தரோட ஃபீல்டு ஷீட்ல ஒரு குவாட்ராட் கூட முள்ளுக்குள்ள விழலைன்னா, இடத்தைத் தேர்ந்தெடுத்தது ரேண்டம் எண் இல்லை, செருப்புன்னு புரிஞ்சுக்கலாம்.

எத்தனை சட்டம் போதும்? ஒவ்வொரு சட்டம் முடிஞ்சதும் அதுவரைக்கும் பார்த்த மொத்த இனங்களோட எண்ணிக்கையைக் குறிச்சுக்கிட்டே வாங்க. ஆரம்பத்துல வேகமா ஏறும். அப்புறம் நாலஞ்சு சட்டம் வெச்சும் புது இனம் எதுவும் வராம கோடு படுத்துடும். படுக்கிறதுக்கு முன்னாடி நிறுத்தினா, நீங்க அளந்தது நிலத்தோட பல்வகைமையை இல்லை, உங்க பொறுமையை.

அடுத்தது எண்ணுற அலகு. பெரிய சிக்கல் இங்கேதான். பார்த்தீனியம் ஒரு தண்டு, ஒரு செடி. பிரச்சனை இல்லை. புல்லை எப்படி எண்ணுவீங்க? தூரா, இல்ல அந்தத் தூர்ல இருக்கிற ஒவ்வொரு தாளா? நாங்க தூர்க்கணக்குன்னு முதல்லயே முடிவு பண்ணி நோட்டுல எழுதிக்கிட்டோம். இந்த முடிவு நம்பரை எவ்வளவு மாத்தும்னு கொஞ்ச நேரத்துல காட்டறேன்.

இப்போ குறியீடு. ரிப்போர்ட்டுல எல்லாரும் போடறது ஷானன் குறியீடு. ஈ.சி.இ. மக்களே, இது உங்க ஷானன்தான். 1948ல தகவல் தொடர்புக்காக கிளாட் ஷானன் எழுதின அதே என்ட்ரோபி சமன்பாட்டைச் சூழலியல்காரங்க எடுத்துக்கிட்டாங்க.

```
H' = −Σ p ln p
```

இதுல p-ங்கிறது மொத்தச் செடிகள்ல ஒரு இனத்தோட பங்கு. அர்த்தம் இதுதான்: கண்ணை மூடிக்கிட்டு ஒரு செடியைத் தொட்டா அது என்ன இனம்னு ஊகிக்கிறது எவ்வளவு கஷ்டம்? எல்லாமே ஒரே இனம்னா கஷ்டமே இல்லை, H' பூஜ்யம். பல இனம் சம அளவுல கலந்திருந்தா ஊகிக்கவே முடியாது, H' உச்சத்துக்குப் போகும். அந்த உச்சம் இனங்களோட எண்ணிக்கைக்கு எடுக்கிற ln. அஞ்சு இனம்னா 1.61. அதைத் தாண்டவே முடியாது.

கணக்கு எளிதாப் புரியட்டும்னு இரண்டு இடத்துக்கும் நூறு நூறு செடி, அஞ்சஞ்சு இனம்னு மாதிரி எண்கள் வெச்சுக்கிறேன்.

கொறங்காடு: கொழுக்கட்டைப் புல் 70, கொழிஞ்சி 15, மூக்கிரட்டை 8, விஷ்ணுகிராந்தி 5, நெருஞ்சி 2.

நொய்யல் கரை: பார்த்தீனியம் 30, வெட்டுக்காயப் பூண்டு 25, நாயுருவி 20, அருகம்புல் 15, ஊமத்தை 10.

ஸ்ப்ரெட்ஷீட்ல எண்ணிக்கை B2 முதல் B6 வரைக்கும் இருந்தா இந்த ஒரு வரி போதும்:

```
=-SUMPRODUCT(B2:B6/SUM(B2:B6), LN(B2:B6/SUM(B2:B6)))
```

கொறங்காட்டுக்கு 0.96 வரும். நொய்யல் கரைக்கு 1.54. இங்கே `LN`க்குப் பதிலா `LOG` போட்டா ஸ்ப்ரெட்ஷீட் பத்தின் அடிப்படையில எடுக்கும், கொறங்காடு 0.42ன்னு காட்டும். நிலம் மாறலை, அடிமானம்தான் மாறுச்சு. சந்தேகம் இருந்தா அஞ்சு கட்டத்துலயும் 20, 20னு போட்டுப் பாருங்க. 1.61 வந்தா ln, 0.70 வந்தா பத்தடி மடக்கை. வேற யாரோ எழுதின பேப்பரோட நம்பரை உங்களோடதுக்குப் பக்கத்துல வெக்கிறதுக்கு முன்னாடி அவங்க எந்த அடிமானம் எடுத்தாங்கன்னு பார்க்கிறது அதனாலதான் முக்கியம்.

புல்லுக் கணக்குக்கு இப்போ வர்றேன். அதே கொறங்காட்டுல தூருக்குப் பதிலா தாளை எண்ணியிருந்தா, தூருக்குப் பத்துத் தாள்னு வெச்சா, 70ங்கிறது 700 ஆகும். மத்த செடிகள் அப்படியே இருக்கும். H' 0.96ல இருந்து 0.22க்கு விழுந்துடும். ஒரு செடி கூடச் சாகலை. எண்ணுற விதம் மட்டும்தான் மாறுச்சு. ரிப்போர்ட்டுல எண்ணின அலகை எழுதலைன்னா அந்த நம்பரை யாரும் சரிபார்க்கவே முடியாது.

சரி, எல்லாத்தையும் ஒழுங்காப் பண்ணிட்டோம்னே வெச்சுப்போம். ரேண்டம் புள்ளி, போதுமான சட்டம், ஒரே அலகு, ஒரே மடக்கை. முடிவு என்ன சொல்லுது? நொய்யல் கரை 1.54, கொறங்காடு 0.96. அதாவது ஆத்தங்கரைதான் "பல்வகைமை அதிகமான" இடம். சாயக் கழிவு பல வருஷம் ஓடின ஆத்தோட கரை அது. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டி வந்த ஆறு.

கொறங்காடு தெரியாதவங்களுக்கு: கிளுவை வேலி கட்டி, நடுவுல வெள்வேல மரங்களை விட்டு, அடியில கொழுக்கட்டைப் புல் வளர்க்கிற மேய்ச்சல் நிலம். காங்கேயம் மாடு வளர்ந்தது இந்தப் புல்லுலதான். மழை கம்மியான ஊர்ல, வறட்சியைத் தாங்கி, மேய மேயத் திரும்பித் துளிர்க்கிற புல். அது எழுபது சதவீதம் இருக்கிறது நோய் இல்லை. அந்த நிலம் இருக்கிறதே அதுக்காகத்தான்.

நாங்க எண்ணின கொறங்காடு என் டீம்மேட்டோட அப்பாருவோடது. ஒரு வகைப் புல்லே நிறைய இருக்கிறதால இந்த இடத்துக்கு மார்க் கம்மின்னு அவன் விளக்கினான். அவர் கேட்டார், "ஏங்கண்ணு, மாட்டுக்குப் புல்லு நெறையா இருந்தா அது குத்தமா?"

குத்தம் இல்லை. சமன்பாட்டுக்குள்ள போறது p மட்டும்தான், பேர் போறதில்லை. பார்த்தீனியத்தையும் கொழுக்கட்டைப் புல்லையும் இடம் மாத்திப் போட்டாலும் H' ஒரு புள்ளி கூட மாறாது. அமெரிக்காவுல இருந்து வந்து, தொட்டா தோல் அரிக்கிற, மாடு தின்னா பால் கசக்கிற செடியும் அதுக்கு ஒரு இனம். மாட்டை வளர்க்கிற புல்லும் ஒரு இனம். ஜி.எஸ்.எம். கட்டரும் இப்படித்தான். 180னு சொல்லும். அது காட்டனா பாலியஸ்டரான்னு சொல்லாது. அதுக்கு வேற டெஸ்ட் இருக்கு. எடையை மட்டும் பார்த்து எந்த பையரும் துணி வாங்கறதில்லை.

அதனால எங்க ரிப்போர்ட்டுல H'க்குப் பக்கத்துல மூணு விஷயம் சேர்த்தோம். ஒண்ணு, முழு இனப் பட்டியல், எண்ணிக்கையோட. இரண்டு, ஒவ்வொரு இனத்துக்கு எதிரேயும் அது இந்த மண்ணோடதா, வெளியில இருந்து வந்ததா, மாடு தின்னுமா தின்னாதான்னு ஒரு பத்தி. மூணு, எந்த மாசத்துல எண்ணினோம்னு. ஐப்பசி மழைக்கு அப்புறம் முளைக்கிற செடிகள் பாதி சித்திரையில இருக்காது. இரண்டு இடத்தையும் ஒரே வாரத்துல எண்ணலைன்னா நீங்க ஒப்பிடறது இடத்தை இல்லை, பருவத்தை. இரண்டாவது பத்தியைச் சேர்த்ததும் அட்டவணை தலைகீழா மாறுச்சு. மேல சொன்ன மாதிரி எண்கள்லயே பாருங்க: மாடு விரும்பித் தின்னுற புல்லோட பங்கு கொறங்காட்டுல நூத்துக்கு 70, ஆத்தங்கரையில அருகம்புல் மட்டும் 15.

ஒரு நிலத்துல ஃபேக்டரி வரலாமா, சோலார் பேனல் போடலாமான்னு முடிவு பண்ற மேசைக்குப் போறப்போ நூறு பக்க ரிப்போர்ட் சுருங்கிச் சுருங்கி ஒரு வரி ஆகிடும். அந்த வரியில "H' = 0.96"ன்னு மட்டும் இருந்தா, படிக்கிறவர் கண்ணுக்குக் கொறங்காடு வெறும் தரிசு. பக்கத்துல "70% கொழுக்கட்டைப் புல், மேய்ச்சல் நிலம்"னு இருந்தா அது வேற நிலம். எழுத ஆகிறது இன்னும் நாலு வார்த்தைதான். வைவாவுல நம்பரைக் கேட்பாங்க, சொல்லுங்க. அந்த நாலு வார்த்தையையும் சேர்த்தே சொல்லுங்க.