அம்மாவின் கைப்பை

பிப்ரவரி 8, ஞாயிறு

அம்மாவின் பீரோவை ஒழித்தபோது அந்த ஹைடிசைன் பை கிடைத்தது. டீச்சர் வேலையில் அரியர்ஸ் வந்த வருஷம் வேலூரில் வாங்கியது. பில் இல்லை. "இது டூப்ளிகேட்டுக்கா" என்றாள் தங்கச்சி. அவள் ஆம்பூர் தோல் ஷாப்பில் தரம் பார்க்கிறவள். "பாதி விலைக்குக் கிடைச்சுதுன்னு அம்மாவே சொல்லியிருக்கா." எனக்குச் சுருக்கென்றது. "அப்போ அம்மா ஏமாந்துட்டான்றியா?" என்று கத்தினேன். ராத்திரி இரண்டு பேரும் பேசவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் பையை ஜன்னலோரம் கொண்டுபோனாள். கைப்பிடி பிய்ந்த இடத்தில் விளிம்பைக் காட்டினாள். ரெக்சினாக இருந்தால் மேலே பிளாஸ்டிக், அடியில் துணி என்று இரண்டு படலம் தெரியுமாம். இங்கே மேலிருந்து கீழ்வரை நார் நாராக ஒரே பழுப்பு. குரோம் பதமாக இருந்தால் பெரும்பாலும் நடுவில் நீலச்சாம்பல் ஓடும். இது மரப்பட்டையில் பதமான தோல் என்றாள். பக்கிளில் காந்தம் ஒட்டவில்லை. துத்தநாகக் கலவையிலும் ஒட்டாது என்பதால் அடிப்பக்கம் ஊசியால் லேசாகக் கீறினாள், உள்ளேயும் மஞ்சள்தான். பித்தளை.

அப்புறம் அவள் சொன்னதைத்தான் எழுதிவைக்க வேண்டும். ஆவாரம்பட்டையில் பதமான தோல் வெயில் பட்டுச் சிவந்துவிடும். அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் முக்குவார்களாம். அம்மா சின்ன வயதில் எங்கள் ஊர் மலையில் கடுக்காய் பொறுக்கி, காயவைத்து, மூட்டையாகக் கொடுத்தவள். வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் போன சரக்கு அது. இந்தப் பையின் தோலில் கடுக்காய் ஏறியதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்குத் தொண்டை அடைத்தது.

"அப்போ அசல்தானே?" என்றேன்.

"தோல் அசல். கம்பெனி அசலான்னு தோலை வெச்சு எப்படிக்கா சொல்றது? அவங்க 1978லேர்ந்து பாண்டிச்சேரியில பண்றாங்க, பெரும்பாலும் இதே மாதிரி பட்டைப் பதத் தோல்லதான். ஆனா இந்தத் தோலை ராணிப்பேட்டையில யாரும் வாங்கலாம், பேருக்கு ஒரு அச்சு வெட்டி அழுத்தலாம். பில் இல்லன்னா, அவங்க ஆளுங்க தையலையும் அச்சையும் உள்துணியையும் பார்த்துத்தான் சொல்லணும்."

பாதி விலை கொடுத்து முழுத் தோல் வாங்கியிருக்கிறாள் அம்மா. அதை இவளும் ஒத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 11, புதன்

இன்றைக்கு வேறு சண்டை. கைப்பிடியைப் போளூரில் தைத்துவிடலாம் என்றேன். பையைப் பிடுங்கிக்கொண்டாள். "நூலை மாத்திட்டா கம்பெனிக்காரங்க எதை வெச்சு சொல்வாங்க? பழைய தையல் ஓட்டை எத்தனை, எவ்ளோ இடைவெளின்னுதானே பார்ப்பாங்க."

"போலின்னு சொல்லிட்டா?"

"சொல்லட்டும். அதுக்கப்புறம் நானே மெழுகு நூல்ல தைச்சுத் தரேன், நீ தூக்கு."

அடுத்த வாரம் அவளே பாண்டிச்சேரிக்கு எடுத்துப்போகிறாள். பை எனக்கு என்பதில் தகராறு இல்லை.