மேல்மாடியும் பழைய அத்திவாரமும்

"நாற்பது வருடம் நின்ற வீடு. 2004 சுனாமிக்கும் அசையவில்லை. மேலே ஒரு மாடியைத் தாங்காதா?"

கல்முனையிலிருந்து அறுகம்பே வரை வீட்டுக்காரர் பலர் கேட்கும் கேள்வி இது. இளைய மகளுக்கும் வீடு கொடுத்தாக வேண்டும், காணியோ கிடைப்பதில்லை.

நாற்பது வருடம் நின்றது, வீடு தன் பாரத்தைத் தாங்கியது என்பதற்கு மட்டுமே சாட்சி. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் ஓட்டுக்கூரையும், இரண்டடி அகலக் கருங்கல் அத்திவாரத்தின் வழியே, அடிமணலைச் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 4 தொன் அழுத்துகின்றன. பத்தடி அறைகள் இரண்டுக்கு நடுவேயுள்ள சுவரின்மேல் கொங்கிறீற் தளமும் இன்னொரு சுவரும் ஏறினால் அது 9 தொன்னாகும். மாரியில் நிலத்தடி நீர் அத்திவாரத்தை எட்டும் இளகிய மணலை 5 தொன்னுக்குமேல் நம்புவது கடினம்.

ஆகவே முதலில் உட்சுவரோரம் மூன்றடி நீளக் குழியொன்று தோண்டி அத்திவாரத்தின் அகலம், ஆழம், நீர்மட்டம் மூன்றையும் அளவுங்கள். மார்கழி மழையின்போது பார்த்தால் உண்மை தெரியும். அத்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் தோண்டவேண்டாம். சுவரைத் தாங்கும் மணல் குழிக்குள் வழிந்துவிடும். சுவரில் ஏற்கெனவே படிக்கட்டுபோல ஏறும் வெடிப்பு இருந்தால், அத்திவாரம் ஓரிடத்தில் இறங்கியிருக்கக்கூடும்.

அகலம் போதாதெனில் மாடி ஆசையைக் கைவிடவேண்டியதில்லை. தனிப் பாதங்களில் புதிய தூண்களை எழுப்பி, வளைகளின்மேல் தளத்தை ஏற்றலாம். பழைய சுவர் எதையும் சுமக்காது. தூண்களின் இடத்தையும் பாதங்களின் அளவையும் மண்ணைப் பார்த்த பொறியியலாளரே தீர்மானிக்கட்டும். செலவு கூடும்தான், ஆனால் மேலே குடியேறப்போவது மகளும் பேரப்பிள்ளைகளும்.