அட்டையில் யார் பெயர் முதலில்?

அக்கா மகனும் மருமகளும் முதன்முதலாக ஃபிளாட் வாங்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். சித்தி கடையில் எடுத்துப் பார்த்த அட்டையில் 'வாடகைத் தொல்லை இனி இல்லை' என்று அச்சடித்திருந்தது. இதுவரை கொடுத்த வாடகை 14,000. இனி வங்கித் தவணை 34,700, அதுவும் 20 வருடங்களுக்கு. அதைப் படித்தால் அந்தப் பிள்ளைகளுக்குச் சிரிப்பா வரும்? எழுத்தே இல்லாத அட்டை ஒன்றை வாங்கிக்கொண்டார்.

வழக்கம்போல மகன் பெயரைப் போட்டு 'குடும்பத்தினருக்கு' என்று எழுதப்போனவர், பேனாவை நிறுத்தினார். பத்திரம் இருவர் பெயரிலும் பதிவாகியிருக்கிறது. முன்பணத்துக்காக விற்றது மருமகளின் நெக்லஸும் நான்கு வளையலும். 'சீக்கிரமே தொட்டில் ஆடட்டும்' என்ற வரியும் கை வரை வந்தது. அவள் இரண்டு வருடமாக ஆஸ்பத்திரிக்கு அலைவது தெரிந்ததால் விட்டுவிட்டார். (நம்மூர் வாழ்த்துகளில் பாதி, கேள்விகள்தானே!)

கடைசியில் மருமகள் பெயரை முதலில் எழுதி, அடுத்து மகன் பெயர். கீழே: 'நீங்கள் இருவரும் சேர்ந்து வாங்கிய வீடு. சமையலறை ஜன்னலில் காலை வெயில் விழுவதைப் பார்த்தேன். அங்கே ஒரு துளசி வையுங்கள். அன்புடன், சித்தி.'

மொய்க் கவருக்குள் அட்டை நுழையவில்லை. தனியாக மருமகள் கையிலேயே கொடுத்தார்.