பென்சிலில் எழுதிய விலை

மருத்துவ முகாமுக்கு வரவு செலவு போட உட்கார்ந்தால், பொருளாளர் ஐயா முதலில் எடுப்பது பேனாவை அல்ல, பென்சிலை. எண்ணிக்கையைப் பேனாவில் எழுதுவார், விலையைப் பென்சிலில். யாங்கோனில் இது விளையாட்டில்லை. 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 1,330 கியாட். அதற்குப் பிறகு வெளிச்சந்தையில் அது மூன்று மடங்கையும் தாண்டிவிட்டது. மருந்துக்கடையில் இன்று சொல்லும் விலை நாளை மறுநாள் இருக்காது. அதனால் "எவ்வளவு வேண்டும்" என்பதை முதலில் முடித்துவிட வேண்டும். "எவ்வளவு ஆகும்" என்பது வாங்கப் போகிற அன்றைக்கு.

தாம்வே பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் நாங்கள் நடத்திய முகாமுக்கு இருநூறு பேர் வருவார்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஐயா கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, சயா எத்தனை பேர்?" மூன்று டாக்டர்கள், காலை எட்டு முதல் ஒரு மணி வரை. ஒரு நோயாளிக்கு ஆறு நிமிடம் என்றால் மணிக்குப் பத்துப் பேர். ஐந்து மணி நேரத்தில் மூவரும் சேர்ந்து நூற்றைம்பது பேரைத்தான் பார்க்க முடியும். டோக்கனும் நூற்றைம்பதுதான். மருந்து, சாப்பாடு, நாற்காலி எல்லாம் அந்த எண்ணிலிருந்துதான் கிளம்பின. இரத்த அழுத்தம் எல்லோருக்கும், சர்க்கரை நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு. அது நூறு பேர் என்று வைத்துக்கொண்டோம். தவறிப்போகும் பட்டைகளுக்கும் கருவியைச் சரிபார்க்கவும் பதினைந்து சேர்த்தால் நூற்றுப் பதினைந்து. பெட்டிக்கு ஐம்பது பட்டை, ஆக மூன்று பெட்டி. பிரிக்காத குப்பியை அடுத்த முகாமுக்கு வைக்கலாம். பிரித்தது யாங்கோன் மழைக்கால ஈரத்தில் சீக்கிரம் கெடும்.

ரொக்கத்துக்குப் பக்கத்தில் 'தானம்' என்று ஒரு பத்தி. டாக்டரின் அரைநாள், மண்டபம், ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு மதிப்பு எழுதப்படும். "சும்மா வருவதற்கு எதற்கு விலை?" என்று கேட்டவன் நான். ஒரு டாக்டர் வராமல் போனால் ஐம்பது டோக்கன் போச்சு, அல்லது ரொக்கம் கொடுத்து வேறொருவரைக் கூப்பிட வேண்டும். அந்தத் தொகையில் ஒரு பகுதியாவது கையில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தப் பத்தி. மின்சாரம் முறை வைத்து நிற்கும் ஊரில் ஜெனரேட்டருக்கும் இதே கதை. எந்திரம் தானம், டீசல் நம் தலையில்.

தானத்துக்கும் ஒரு வால் உண்டு. ஒரு தடவை யாரோ நான்கு சர்க்கரைக் கருவிகளை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அவற்றுக்குப் பொருந்தும் பட்டை நாங்கள் போன கடைகள் எதிலும் கிடைக்கவில்லை. ஒரு கருவிக்கு அதன் பட்டைதான், மற்றது சேராது. இன்னொரு தடவை, காலாவதிக்கு மூன்று மாதமே மிச்சமிருந்த இருமல் மருந்து ஒரு பெட்டி நிறைய வந்தது. தானமாக வரும் மருந்துக்கு வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1996-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. கொடுத்தவர் உறவுக்காரர். அவரிடம் அதைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. மொய்யைத் திருப்பிக் கொடுப்பதற்குச் சமம் அது.

இவ்வளவு கணக்குப் போட்டும் நாங்கள் விட்டது ஒன்று. முகாமன்று பத்து மணிக்குள் வரிசையாக ஆறு பேருக்குச் சர்க்கரை 280, 310 என்று வந்தது. ஒரு அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார். ஊசி குத்திக்கொண்டிருந்த நர்ஸ் பிள்ளை அவர் விரலைப் பிடித்துப் பார்த்தாள். நகக்கண்ணில் மஞ்சளாய் ஏதோ. சந்நிதியில் பஞ்சாமிர்தம் வாங்கிச் சாப்பிட்டு, விரலைச் சேலையில் துடைத்துவிட்டு வந்திருக்கிறார். விரலில் ஒட்டிய சர்க்கரை அந்தச் சொட்டு இரத்தத்தோடு கலந்தால் கருவி ஏமாந்துவிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாலும் போதாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே குத்த வேண்டும். கழுவிவிட்டுத் திரும்பப் பார்த்தபோது அந்த அம்மாவுக்கு 134. ஆறு பேரில் இருவருக்கு மட்டும் 200-க்கு மேலேயே நின்றது. முகாம் எண்ணை வைத்து நோய் என்று முடிவு கட்டக்கூடாது என்று டாக்டர் அவர்களுக்குச் சீட்டு எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஆறு பட்டை வீண், அரைமணி நேரம் வீண்.

ஓடிப்போய் இரண்டு வாளி, ஒரு குவளை, நான்கு சோப்பு, ஒரு கட்டு டிஷ்யூ வாங்கி வந்தோம்.

முகாம் முடிந்ததும் நன்கொடையாளர் பெயர்ப் பலகை எழுதினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்று குடும்பம் போட்டி. மருந்துக்கு இருவர். ஐயா கடைசி வரியைப் பேனாவில் எழுதிவிட்டு என்னிடம் நோட்டைத் திருப்பினார். 'வாளி, சோப்பு, டிஷ்யூ'. ரொக்கப் பத்தியில் தொகை இருந்தது. தானப் பத்தியில் ஒரு சிறு கோடு.

"அடுத்த தடவை யாராவது கேட்டால் இதைச் சொல்லு தம்பி," என்றார். இதுவரை யாரும் கேட்கவில்லை.