62 லட்சமா, 71 லட்சமா?

ஈரோட்டுக்குப் பக்கத்தில் மசாலாத் தூள், அப்பளம், இன்ஸ்டன்ட் மிக்ஸ் ஆகிய மூன்றையும் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் அது. அக்டோபர் இரண்டாவது வாரம் போயிருந்தேன். அன்றைக்கு மிளகாய் அரைப்பு. மாடியில் இருக்கும் கணக்குப் பிரிவுக்கு ஏறுவதற்குள் மூன்று முறை தும்மிவிட்டேன். நிதி மேலாளர் அம்மையாருக்கு அதெல்லாம் பழகிப்போயிருந்தது. மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு, முந்தைய வாரம் மார்க்கெட்டிங் பிரிவுக்கு அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்து காட்டினார். ஆங்கிலத்தில் இரண்டே வரி. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆன செலவைப் பொருள் வாரியாகப் பிரித்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும். அடுத்த ஆண்டு பட்ஜெட் போட வேண்டும்."

சொன்ன நாளில் எக்செல் வந்துவிட்டது. கடைசி வரியில் கூட்டுத்தொகை 71 லட்சம். டாலியில் விளம்பரம், விற்பனை ஊக்குவிப்பு ஆகிய இரண்டு லெட்ஜரையும் கூட்டினால் 62 லட்சம்.

"தப்பு அவங்க மேல இல்லீங்க. 'செலவு'ன்னு எழுதினேன், எது செலவுன்னு எழுதல" என்றார்.

மார்க்கெட்டிங் மேலாளர் லேப்டாப்போடு மேலே வந்தார். இளைஞர், கொஞ்சம் தற்காப்போடுதான் உட்கார்ந்தார். இருவரும் ஒவ்வொரு வரியாக இறங்கினார்கள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டேன்.

முதலில் பிடிபட்டது ஜி.எஸ்.டி. மசாலாவுக்கும் மிக்ஸுக்கும் ஆன்லைன் விளம்பரம் செய்யும் ஏஜென்சியின் பில்களை இளைஞர் மொத்தத் தொகையாகவே போட்டிருந்தார், 23.6 லட்சம். அதில் 3.6 லட்சம் 18 சதவீத வரி. அந்த வரியை நிறுவனம் இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்கிறது. எனவே உண்மையான செலவு 20 லட்சம்தான்.

"அப்போ அப்பள விளம்பரத்துக்கும் வரியைக் கழிச்சிரலாமா மேடம்?" என்று கேட்டார்.

"அதுல கை வைக்காதீங்க தம்பி."

பலர் சறுக்கும் இடம் இதுதான். அப்பளத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. விற்கும் பொருளுக்கு வரி இல்லை என்றால், அதற்காக வாங்கிய சேவைக்குக் கட்டிய வரியில் கிரெடிட் எடுக்க முடியாது. ஆகவே அப்பள விளம்பரத்துக்குக் கட்டிய 18 சதவீதமும் செலவுதான். ஒரே ஏஜென்சி, ஒரே மாதிரி பில் என்றாலும் மசாலாவுக்கு வரி நீங்கலாக, அப்பளத்துக்கு வரியோடு எழுத வேண்டும். பொதுச் செலவின் வரியில் அப்பளத்துக்கு உரிய பங்கையும் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். அதை மேடம் தனி லெட்ஜரில் வைத்திருந்ததால் இந்தக் கணக்கில் கலக்கவில்லை.

அடுத்தது சுவர் விளம்பரம். செப்டம்பரிலேயே எழுதி முடித்தாகிவிட்டது, பில் வரவில்லை. மார்க்கெட்டிங் கணக்கில் 4 லட்சம் இருக்கிறது, டாலியில் இல்லை. வேலை நடந்த மாதம்தான் செலவின் மாதம் என்பதால் அது உள்ளே வர வேண்டும். மூன்றாவது, கடைக்காரர்கள் முன்வரிசையில் அடுக்கி வைப்பதற்குக் கொடுத்த 2.4 லட்சம். கிரெடிட் நோட்டாகக் கொடுத்ததால் அது விற்பனையிலேயே கழிந்து, விளம்பர லெட்ஜரைத் தொடாமல் போயிருந்தது. கணக்கு விதிப்படி அங்கே இருப்பதுதான் சரி. பட்ஜெட் போடுகிறவருக்கு மட்டும் அது மார்க்கெட்டிங் முடிவு என்று தெரிய வேண்டும். எதிர்ப்பக்கமும் ஒன்று இருந்தது: கோயில் திருவிழா வளைவுக்கு முதலாளி நேராகச் சொல்லிக் கொடுத்த 1 லட்சம். அது டாலியில் இருந்தது, மார்க்கெட்டிங்குக்குத் தெரியவே தெரியாது.

71இல் 3.6, 4, 2.4 மூன்றையும் கழித்து 1ஐக் கூட்டினால் 62. வித்தியாசம் பைசா பிசகாமல் அடைபட்டது. பட்ஜெட்டுக்கு எடுக்க வேண்டிய எண் 62உம் இல்லை, 71உம் இல்லை, 68.4 லட்சம்.

இனிதான் பிரிப்பு. நேராக ஒரு பொருளுக்கென்றே ஆனது மசாலாவுக்கு 24 லட்சம், அப்பளத்துக்கு 6.4, மிக்ஸுக்கு 15. மீதி 23 லட்சம் பொது: டி.வி. விளம்பரம் 15, சுவர் 4, ஏஜென்சி மாதக் கட்டணம் 3, திருவிழா வளைவு 1. பொதுச் செலவை மார்க்கெட்டிங் விற்பனை விகிதத்தில் பங்கு போட்டிருந்தது. விற்பனையில் மசாலா 60 சதவீதம், அப்பளம் 30, மிக்ஸ் 10. இந்த 23ஐயும் அப்படியே போட்டால் அப்பளத்தின் தலையில் 6.9 லட்சம் ஏறி, அதன் செலவு 13.3 ஆகிவிடும்.

"அந்த டி.வி. விளம்பரத்தைப் போடுங்க" என்றார் மேடம். முப்பது நொடிப் படம். கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்து இரண்டு முறை பார்த்தோம். மருமகள் மிக்ஸ் பாக்கெட்டைப் பிரித்து மாவு கரைப்பது இருபது நொடி, மாமனார் குழம்பைச் சப்புக்கொட்டுவது பத்து நொடி. அப்பளம் இலையில்கூட இல்லை!

ஆக 15 லட்சத்தில் 10 மிக்ஸுக்கு, 5 மசாலாவுக்கு. மீதி 8 லட்சத்தை மட்டும் விற்பனை விகிதத்தில் பிரித்தால் அப்பளத்தின் மொத்தம் 8.8 லட்சம், மிக்ஸுக்கு 25.8. அரையாண்டில் 1.4 கோடிக்கு விற்ற மிக்ஸுக்கு, விற்பனையில் 18 சதவீதம் விளம்பரத்துக்கே போயிருக்கிறது. பழைய பிரிப்பில் அது 12 சதவீதமாகத் தெரிந்தது. புதுப் பொருளுக்கு அதிகம் செலவாவது இயல்புதான். ஆனால் அந்தச் செலவை அப்பளத்தின் கணக்கில் ஒளித்து வைக்கக் கூடாது.

பழைய பிரிப்பையே வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்ற என் கேள்விக்கு மேடம் சொன்ன பதில் குறித்துக்கொள்ளத் தக்கது. எல்லாப் பொருளுக்கும் 10 சதவீதம் குறை என்று முதலாளி சொன்னால், 13.3இல் 1.33 லட்சம் போக வேண்டும். பொதுச் செலவு அப்பளப் பொறுப்பாளரின் கையில் இல்லை. அவர் குறைக்க முடிந்தது தன் 6.4 லட்சத்தில்தான். 10 சதவீத உத்தரவு அவருக்கு 20 சதவீதத்துக்கு மேல் வெட்டாகிவிடும். பொதுச் செலவைப் பொருள்களின் தலையில் ஏற்றாமல் தனி வரியாகவே விட்டுவிடுவதுதான் நல்லது என்பது மேடத்தின் கட்சி. அந்த டி.வி. படத்தைப் பார்த்த பிறகு நானும் அந்தக் கட்சிதான்.

மதியத்துக்குள் புது மின்னஞ்சல் போனது. எந்த மாதங்கள், வரி எங்கே சேர்த்து எங்கே நீக்கி, பில் வராத வேலையையும் சேர்த்து, கிரெடிட் நோட்டாகக் கொடுத்த சலுகை தனியாக, பொது என்று ஒரு நெடுவரிசை தனியாக. காலிப் பட்டியல் ஒன்றையும் இணைத்திருந்தார். டாலியில் காஸ்ட் சென்டரை இயக்கி MAS, APP, MIX, COM என்று நான்கு திறந்தார்கள். இனி விளம்பர வவுச்சர் போடும்போதே எந்தப் பொருள் என்று அது கேட்கும்.

நான் கிளம்பும்போது சுவர் விளம்பரக்காரர் அந்த 4 லட்சம் ரூபாய் பில்லோடு மாடியேறி வந்தார். "இது எந்தப் பொருளுக்குங்க?" என்று கணக்குப் பெண் கேட்டாள். "கம்பெனி பேர் மட்டுந்தான் எழுதினோம்மா" என்றார். அவள் பில்லின் மூலையில் COM என்று எழுதி வாங்கி வைத்தாள்.